ஒற்றில்லாத நகர்பாதை

கண்ணால் கண்டிராத ஓர் இயந்திரத்துக்கு நான் ஒருமுறை பெயர் வைத்தேன். அந்தப் பெயரால், நேர்மையாக நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு மனிதனை ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து பொலிசில் பிடித்துக் கொடுத்தது. இதைவிட வெட்கமான விஷயம் ஒன்றுண்டு. பிடித்துக் கொடுக்கும் வரை அந்தப் பெயரை நினைத்து நான் இரண்டு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். வன்னியில் என்னைவிட அதிகம் வாசித்தவர்கள் இல்லை என்று நானாகவே தீர்மானித்து, அதை யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்தாமல் வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வழுவழுப்பான சீமெந்துத் தரை, இடுப்பளவு சுவர், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகை. நான் புணர்ச்சி விதி சொன்னால் அடுத்த வகுப்பில் பின்னக் கணக்குச் செய்பவர்களுக்கும் அது ஏறும். அப்படி ஏறியதுதான் பின்னால் வினையாயிற்று.

அந்த அடுத்த வகுப்பு எங்கள் கணித ரீச்சருடையது. வயது இருபத்தைந்துக்குள். சொந்த ஊர் கனகராயன்குளம். கணக்கை இங்கிலிசில் படித்தவர், தமிழில் படிப்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நியமனம் இன்னும் உறுதியாகவில்லை. போன வருடம் வந்த கல்வி அதிகாரி பாடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் பாப்பம்" என்று எழுதிவிட்டுப் போனார். இந்த முறையும் அப்படியென்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரவேண்டும் என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். பகிடியாகச் சொல்லவில்லை. தமையனை அனுப்பிப் பெட்டி கட்டுவிக்கக்கூடிய மனிதர்.

இந்த வருடம் வரவிருந்த அதிகாரியைப் பற்றி ஒரு கதை முன்கூட்டியே வந்து சேர்ந்தது. வேகக் கணக்கு என்றவுடன் ஆற்றில் படகு விடுகிற ஆசிரியரைக் கண்டால் அவருக்குப் பிடிக்காதாம். கொக்கிளாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில், "நூறு வருஷமா ஒரே படகு, ஒரே ஆறு. புதுக் காலத்துக்கு ஏத்ததாக ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாராம்.

ரீச்சர் புதுக் காலத்தைத் தேடினார். பழைய இங்கிலிசுச் சஞ்சிகை ஒன்றில் லண்டன் நகரத்துச் சுரங்க ரயில் நிலையத்தின் படம் கிடைத்தது. நீண்ட ஒரு நடைவழி. தரையே ஒரு பட்டியாக முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தொப்பி வைத்த கனவான்கள் சிலர் அதன்மேல் நிற்கிறார்கள், சிலர் நடக்கிறார்கள். அதை இடைவேளையில் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"சேர், இதுக்குத் தமிழிலை ஒரு சொல்லு வேணும்."

நான் படத்தை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். "நல்ல ஏற்பாடு. ஏறி நிண்டால் கொண்டுபோய் விட்டிடும்."

"நிண்டால் நட்டம் சேர். பட்டி மணிக்கு ரெண்டு மைல் எண்டு வைப்பம். ஆள் நடக்கிறது மூண்டு மைல். பக்கத்திலை வெறுந் தரையிலை நடக்கிறவர் நிக்கிறவரை முந்தியிடுவார்."

"பிறகேன் வெள்ளைக்காரன் உதைக் கட்டினவன்?"

"அதிலை நடக்கிறதுக்கு. ரெண்டும் மூண்டும் ஐஞ்சு. நானூற்றி நாப்பது அடி நீளமெண்டால், அதிலை நடக்கிறவர் ஒரு நிமிஷத்திலை போயிடுவார். வெறுந் தரையிலை நடந்தால் நூறு செக்கன். நாப்பது செக்கன் மிச்சம். சும்மா நிண்டால் நூற்றைம்பது செக்கன்."

"ஏறி நிண்டவனுக்கு ஐம்பது செக்கன் நட்டமோ?"

"ஓம். ஆனால் கால் நோகாது."

அந்தக் கடைசி வரி என் மனதுக்குப் பிடித்திருந்தது. கணக்கில் என் அக்கறை அத்தோடு முடிந்தது. சொல் மட்டும் மிஞ்சியது. மூன்று நாள் யோசித்தேன். ஓடும் வீதி, ஊரும் தரை, உருள்தளம் எல்லாம் வந்து போயின. நான்காம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்தது: நகர்பாதை.

ரீச்சரிடம் அதன் பெருமையை விளக்கினேன். இது வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போல. நேற்று நகர்ந்த பாதை, இன்று நகர்கின்ற பாதை, நாளை நகரும் பாதை, மூன்று காலமும் ஒரே சொல்லுக்குள். வினைத்தொகையானபடியால் நடுவில் ஒற்று மிகாது. லண்டன்காரன் இயந்திரத்தைத்தான் செய்தான், முக்காலத்தையும் அதற்குள் வைக்க அவனால் முடியவில்லை என்றேன்.

ரீச்சர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "வடிவான சொல்லு சேர். பிள்ளையளுக்கு விளங்குமோ?"

"விளங்காட்டில் அது சொல்லின்ரை பிழை இல்லை."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கணக்கையும் வாங்கிப் பார்த்தேன். 'ஓரிடத்தில் தரையே ஒரு பட்டியாக முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கும், அதன்மேல் ஒருவர் நடக்கிறார்' என்று தொடங்கி ஏழெட்டு வரி எழுதியிருந்தார். வளவளவென்று இருந்தது. ஒரு தமிழாசிரியன் அடுத்த வகுப்பில் இருக்கும்போது இப்படி ஒரு கணக்கு வெளியே போகலாமா? வெட்டினேன். மிஞ்சியது இது:

'மணிக்கு இரண்டு மைல் வேகமுள்ள 440 அடி நகர்பாதையில், மணிக்கு மூன்று மைல் நடையுடைய ஒருவன் சென்றால் அவனுக்கு மிஞ்சும் நேரம் யாது?'

செதுக்கிய சிலைபோல இருந்தது. சிலையைப் போலவே அதுவும் ஒன்றையும் விளக்கவில்லை.

அதிகாரி வந்தது மாசி மாதத்தில், அறுவடை முடிந்த கையோடு. அந்த வருடம் பருவம் தப்பி மழை பெய்தது. தலைமையாசிரியருக்கு வயல் இருந்தது, வீட்டு முற்றத்தில் வெயில் இல்லை. ஆகவே அவருடைய நெல் ஒரு கிழமையாகப் பள்ளி மண்டபத்தின் வெறுமையான பாதியில், பெரிய படங்கு ஒன்றின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. படங்கு என்பது நெல் காயப்போடுகிற தடித்த கித்தான் விரிப்பு. அதிகாரி வருகிறார் என்றதும் நெல் சாக்குக்குள் போனது, படங்கு சுருண்டு மேடைக்குப் பின்னால் ஒளிந்தது. நெல்லின் சுணை மட்டும் காற்றில் தங்கிவிட்டது. அன்று காலைப் பிரார்த்தனைக்கு நின்ற பிள்ளைகள் எல்லோரும் சொறிந்துகொண்டே தேவாரம் பாடினார்கள்.

பாடம் தொடங்கியது. அதிகாரி கதிரையை வகுப்பின் பின்னால் போடுவித்து அமர்ந்தார். மெல்லிய மனிதர், கையில் மடித்த கைக்குட்டை. பக்கத்தில் தலைமையாசிரியர். எனக்கு அந்த வேளை பாடமில்லை என்று சொல்லிக்கொண்டு, என் சொல் அரியணை ஏறுவதைப் பார்க்க அரைச்சுவரில் சாய்ந்து நின்றேன்.

ரீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதினார். நகர்பாதை என்ற சொல்லை அழகாக, ஒற்றில்லாமல் எழுதினார். பிள்ளைகள் வாசித்தார்கள், தலை குனிந்து செய்தார்கள். சந்தேகம் ஒருவருக்கும் இல்லை. அது நல்ல சகுனம் என்று நான் நினைத்தேன்.

"ஆர் சொல்லுறது?"

முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். "ஐம்பது செக்கன் ரீச்சர்."

ரீச்சர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். "என்னெண்டு வந்தது?"

"ரெண்டு மைல் வேகத்திலை போனால் நூற்றைம்பது செக்கன். அவர் மூண்டு மைல் வேகத்திலை போறார், நூறு செக்கன். ஐம்பது மிச்சம். ஆனால்..."

"ஆனால்?"

"பொலிஸ் பிடிச்சால் மிச்சம் இல்லை ரீச்சர்."

"பொலிஸ் ஏன் பிடிக்கப்போகுது?"

வகுப்பே சேர்ந்து பதில் சொன்னது. "ரெண்டு மைல் வேகந்தானே போகலாம்!" "அவர் மூண்டிலை போறார்!" "முல்லைத்தீவு டவுணுக்குள்ளை ஏறுற இடத்திலை 'இவ்வளவு வேகந்தான்' எண்டு பலகை போட்டிருக்கு ரீச்சர்!" பின்னாலிருந்து ஒரு குரல் இரக்கத்தோடு சொன்னது: "நடக்கிற ஆளையும் பிடிப்பினமோ?"

"இது டவுண் ரோட்டு எண்டு ஆர் சொன்னது?"

"அதிலை எழுதியிருக்கு ரீச்சர். நகர்ப்பாதை. நகரத்திலை இருக்கிற பாதை."

"அங்கை 'ப்' இல்லையே?"

முன்வரிசைப் பிள்ளை என் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, என்னைக் காப்பாற்றும் நோக்கத்தோடு சொன்னாள்: "தமிழ்ச் சேர் ஒற்று மிகுமெண்டு படிப்பிச்சவர். ரீச்சர் அவசரத்திலை விட்டிட்டியளாக்கும் எண்டு நாங்கள் போட்டு வாசிச்சனாங்கள்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தது. அதை அதுவரை கவனித்திருக்கவில்லை.

அந்த இடத்தில் ரீச்சர் அழுதிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டி கட்டத் தமையன் வருவது அவர் கண்ணுக்குள் தெரிந்திருக்க வேண்டும். அவர் துடைப்பானை எடுத்து அந்தச் சொல்லை அழித்தார். முக்காலமும் வெண்துகளாகத் தரையில் விழுந்தது. பிறகு மேடைக்குப் பின்னால் போனார்.

"ரீச்சர், அதைத் தொட வேண்டாம்!" என்றார் தலைமையாசிரியர், பாதி எழும்பி.

அதற்குள் படங்கின் ஒரு முனை வெளியே வந்துவிட்டது. நான்கு பெரிய பிள்ளைகள் ஓடிப்போய் இழுத்தார்கள். மண்டபத்தின் வெறும் பாதியில் அது உருண்டு விரிந்தது. மடிப்புக்குள் கிடந்த நெல் சீமெந்தில் சிதறி அதிகாரியின் சப்பாத்து வரை ஓடியது.

"உது என்ன நெல்லு?"

"விவசாயப் பாடம், சேர்" என்றார் தலைமையாசிரியர்.

ரீச்சர் நெல்லை ஒதுக்கச் சொல்லிவிட்டுச் சோக்கால் தரையில் கோடு போட்டார். படங்கு பதினெட்டு அடி. அதன் பின் ஓரத்தில் தொடக்கக் கோடு. அங்கிருந்து முப்பதாவது அடியில் முடிவுக் கோடு. இழுப்பவர்களுக்கு அடிக்கொரு கோடு, நடப்பவர்களுக்குத் தரையிலும் படங்கிலும் ஒன்றரை அடிக்கொரு கோடு.

"நான் ஒருக்காக் கை தட்ட, இழுக்கிறவை ஒரு அடி இழுக்கவேணும். நடக்கிறவை ஒன்றரை அடி வைக்கவேணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

தொடக்கக் கோட்டில் மூன்று பேர் வேண்டும். வெறுந் தரையில் நடக்க ஒரு பிள்ளை, படங்கின்மேல் நடக்க ஒரு பிள்ளை, படங்கின்மேல் சும்மா நிற்க ஒருவர். நிற்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. சுணை கடித்ததில் எல்லாப் பிள்ளைகளும் நெளிந்தார்கள். ரீச்சர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எதற்கும் அசையாத ஒருவன் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டார்.

"சேர், ஏறி நிக்கிறியளோ?"

ஏறினேன். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படங்கின் பின் ஓரத்தில், லண்டன் கனவான் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சேர் பாரம் ரீச்சர்" என்று இழுப்பவர்களில் ஒருவன் முறையிட்டான்.

"இழு. பாரம் கணக்கிலை வராது."

கை தட்டினார். படங்கு ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. என் பக்கத்தில் நின்ற பிள்ளை படங்கின்மேல் காலை எடுத்து வைத்து என்னைவிட்டுப் போனாள். வெறுந் தரையில் நடந்தவளும் என்னைவிட்டுப் போனாள். நான் ஒரு முயற்சியும் செய்யாமல் பின்தங்கிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் பழக்கப்பட்ட நிலைதான், ஆனால் இவ்வளவு பேர் பார்க்க நிகழ்ந்ததில்லை. பன்னிரண்டாவது தட்டில் ரீச்சர் "நில்" என்றார். படங்கு நின்றது. நான் நிற்கவில்லை. முன்னுக்கு இரண்டு எட்டு ஓடி உட்கார்ந்துவிட்டேன்.

"சேர் நிண்ட இடம் பன்ரண்டாம் அடி. அதைப் பாருங்கோ, அவரைப் பாக்க வேண்டாம்" என்றார் ரீச்சர்.

பார்த்தார்கள். நின்றவன் பன்னிரண்டாம் அடியில். வெறுந் தரையில் நடந்தவள் பதினெட்டில். படங்கின்மேல் நடந்தவள் அதன் முன் ஓரத்துக்கு வந்து, முப்பதாம் அடிக் கோட்டில் கால் பெருவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். நடந்த இரண்டு பேரும் வைத்த அடிகள் ஒரேயளவுதான்.

"மிச்சப் பன்ரண்டு அடி எங்காலை வந்தது?"

"படங்கு கொண்டுவந்தது!"

"தரையிலை நிக்கிறவ முப்பதுக்கு வர இன்னும் எத்தினை தட்டு வேணும்?"

விரல்கள் மடிந்தன. "எட்டு!"

"அப்ப மொத்தம் இருபது. படங்கிலை நடந்தவவுக்குப் பன்ரண்டு. எட்டுத் தட்டு மிச்சம். இப்ப கணக்கைத் திருப்பிச் செய்யுங்கோ. டவுணும் இல்லை, பொலிசும் இல்லை. தரைதான் ரெண்டு மைல் வேகத்திலை போகுது."

இந்த முறை நாற்பது செக்கன் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. நூற்றுக்கு அறுபது, இருபதுக்குப் பன்னிரண்டு, இரண்டும் ஒன்றே என்று முன்வரிசைப் பிள்ளை தானாகவே சொன்னாள். தலைமையாசிரியர் மூச்சு விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் எழும்பி வேட்டியைத் தட்டினேன்.

அதிகாரி கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "நல்லது. அப்ப அதிலை ஓடினால் இன்னும் கூட நேரம் மிஞ்சும். என்ன ரீச்சர்?"

அது கேள்வியல்ல. பாடத்தை முடித்துவைக்கப் பெரிய மனிதர்கள் சொல்லும் வாக்கியம். தலைமையாசிரியர் மூன்று முறை தலையாட்டினார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நியமனம் உறுதி, கனகராயன்குளத்துப் பெட்டி கட்டிலுக்குக் கீழேயே இருக்கும். ஓம் என்பதில் ஒற்றுப் பிரச்சினையும் இல்லை. ரீச்சர் அதைச் சொல்லவேண்டுமென்று, கணக்குத் தெரியாத முழு மனதோடு நான் வேண்டிக்கொண்டேன்.

ரீச்சர் சோக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இல்லை சேர். குறையும்."

தலைமையாசிரியர் நான்காவது முறை ஆட்டப்போன தலையை நிறுத்தினார்.

"ஓடினால் கெதியாப் போகலாந்தானே?"

"போய்ச் சேருறது கெதி சேர். ஆனால் பட்டியாலை மிச்சம் பிடிக்கிறது குறைவு. ஒரு தட்டுக்கு மூண்டடி ஓடுற ஆளை எடுப்பம். வெறுந் தரையிலை முப்பதடிக்குப் பத்துத் தட்டு. படங்கு நீளங் காணுமெண்டால், அதிலை ஒரு தட்டுக்கு நாலடி, ஏழரைத் தட்டு. ரெண்டரைத் தட்டுத்தான் மிச்சம். நடந்தவவுக்கு எட்டு."

"அதேன் அப்படி?"

"ஓடுற ஆள் படங்கிலை இருக்கிறது கொஞ்ச நேரம் சேர். படங்கு தட்டுக்கு ஒரு அடிதான் குடுக்கும். கன நேரம் இருக்கிறவருக்குக் கனக்கக் குடுக்கும். கெதியா இறங்கிறவருக்குக் கொஞ்சம்."

அதிகாரி கைக்குட்டையை விரித்தார். தன் முழங்காலில் விரலால் ஏதோ தட்டிப் பார்த்தார். ஏழில் நிறுத்தி, யோசித்து, இன்னும் பாதித் தட்டுத் தட்டினார். பிறகு கைக்குட்டையை மடித்தார்.

"அதைத்தான் நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாத்தனான்" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் மிகவும் மதித்தேன். இவ்வளவு குறுகிய இடத்தில் இவ்வளவு விரைவாகத் திரும்பிய ஒருவரை நான் கண்டதில்லை. போவதற்கு முன், எல்லோருக்கும் கேட்க, "நியமனத்தை உறுதிப்படுத்தச் சொல்லி எழுதுறன். இனிப் பாக்க ஒண்டுமில்லை" என்றார். ரீச்சர் "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு, உடனே திரும்பிப் படங்கைச் சுருட்டத் தொடங்கினார். அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. படங்கு கோணலாகச் சுருண்டது.

அதிகாரியைப் பஸ்சுக்கு வழியனுப்பும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு காரணம் இருந்தது. கலைச்சொற்கள் ஆக்குகிறவர்களோடு அவருக்குப் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஓர் ஒற்றினால் ஒரு நல்ல சொல் சாகக்கூடாது. சந்தியில் பஸ் தூரத்தில் தெரிந்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேர், அந்தச் சொல்லு நான் ஆக்கினது" என்றேன்.

"எந்தச் சொல்லு?"

"நகர்பாதை."

அவர் பஸ்சை மறித்துக் கை நீட்டியபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் கண்ட முகத்தோடு சிரித்தார்.

"ஓ, நீங்களே அந்தப் படங்கிலை நிண்டவர்? திறமாய் நிண்டியள். உங்களைப் போலச் சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆள் இல்லாட்டில், நடக்கிறவைக்கு என்ன மிச்சமெண்டு பிள்ளையளுக்கு விளங்கியிராது."